எப்போது கீழ்ப்படிய வேண்டாம்? ஹாப்ஸ், லாக், ஹியூம் பிரியும் இடம்

கேள்வி: முதுகலை அரசியல் அறிவியல் படிக்கிறேன். மக்கள் அரசின் அதிகாரத்தை ஏன் ஏற்கிறார்கள் என்பதில் ஹாப்ஸ், லாக், ஹியூம் ஆகிய மூன்று தத்துவவாதிகளையும் ஒப்பிட்டு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். தனித்தனியாகப் படித்தால் புரிகிறது. ஒப்பிட உட்கார்ந்தால் மூவரும் ஒன்றையே சுற்றிச் சுற்றிச் சொல்வது போலத் தெரிகிறது. எங்கேதான் பிரிகிறார்கள்?

பதில்:

கீழ்ப்படிய வேண்டும் என்பதில் மூவருக்கும் பெரிய சண்டை கிடையாது. அந்தக் கடமை எப்போது முடிந்துபோகிறது என்று கேட்டால்தான் மூன்று பேரும் மூன்று பக்கம் போகிறார்கள். ஹாப்ஸுக்கு, காப்பாற்றும் வலு அரசிடம் இல்லாமல் போகும்போது. லாக்குக்கு, மக்கள் ஒப்படைத்த நம்பிக்கையை அரசு முறிக்கும்போது. ஹியூமுக்கு, அரசால் கிடைக்கும் பொது நன்மையை அதன் கொடுமை விழுங்கிவிடும்போது. அதுவரைக்கும் அரசைத் தாங்கி நிற்பது பழக்கமும், 'இவர்களுக்கு ஆள உரிமை உண்டு' என்ற பொது எண்ணமும்தான் என்கிறார் அவர்.

இதை வெறும் கோட்பாடாகப் படித்தால் மறுபடியும் கலங்கிவிடும். இங்கிலாந்தில் நடந்த இரண்டு சம்பவங்களில் பொருத்திப் பார்ப்போம். இரண்டிலும் குடிமகனிடம் ஒரு உறுதிமொழியை நீட்டி, "சொல்கிறாயா, மாட்டாயா?" என்று அரசு கேட்டது.

முதல் சம்பவம். 1648 டிசம்பரில் ராணுவம் இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்குள் புகுந்து, தனக்கு ஒத்துவராத உறுப்பினர்களை வெளியேற்றியது. மிச்சம் இருந்தவர்கள் அமைத்த நீதிமன்றம் முதலாம் சார்லஸ் மன்னருக்கு மரண தண்டனை விதித்தது. 1649 ஜனவரி 30 அன்று அவர் தலை வெட்டப்பட்டது. முடியாட்சியும் பிரபுக்கள் அவையும் ஒழிக்கப்பட்டன. 1650 ஜனவரியில், 18 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் எல்லோரும் புதிய ஆட்சிக்கு உறுதி கூற வேண்டும் என்று சட்டம் வந்தது. மன்னரும் பிரபுக்கள் அவையும் இல்லாமல் இப்போது அமைந்திருக்கும் குடியரசுக்கு உண்மையாக இருப்பேன் என்பதுதான் வாசகம். மறுத்தவர் நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது. கடன் கொடுத்தவர் அதைத் திரும்பக் கேட்டுப் போக முடியாது.

முன்பு மன்னருக்கு விசுவாசமாக இருப்பதாகச் சத்தியம் செய்தவர்களும் இவர்களில் இருந்தார்கள். பழைய சத்தியம் என்ன ஆகும்? வாள்முனையில் வந்த ஆட்சிக்கு வாக்குக் கொடுத்தால் அது செல்லுமா? அந்த ஆண்டு இங்கிலாந்தில் துண்டுப் பிரசுரங்கள் குவிந்தது இந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

தாமஸ் ஹாப்ஸின் 'லெவியதான்' 1651-இல், இந்த விவாதம் சூடாக நடக்கும்போதே வெளிவந்தது. அந்தப் பின்னணி தெரியாமல் படித்தால் அவர் ஏதோ கற்பனைக் காட்டு வாழ்க்கையைப் பற்றி எழுதியவர் போலத் தோன்றும். அவர் கண்முன்னே இருந்தது உள்நாட்டுப் போர். பொது அதிகாரம் இல்லாத இடத்தில் மனிதர்கள் ஒருவரையொருவர் நம்ப முடியாது. நல்லவனும்கூட, பக்கத்து வீட்டுக்காரன் முந்திக்கொள்வானோ என்று தான் முந்தப் பார்ப்பான். இந்த அச்சத்திலிருந்து மீள, எல்லோரும் தங்களைத் தாங்களே ஆளும் உரிமையை ஒரு மனிதனிடமோ ஒரு அவையிடமோ ஒப்படைக்கிறார்கள்.

தேர்வுத்தாள்களில் அதிகம் பிழை வரும் இடம் இது. ஹாப்ஸில் ஒப்பந்தம் மக்களுக்கும் மன்னருக்கும் நடுவில் நடப்பதில்லை. மக்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்வது அது: 'நீ உன் உரிமையை இவரிடம் விட்டுக்கொடு, நானும் விட்டுக்கொடுக்கிறேன்.' இறையாண்மை பெறுபவர் அதில் ஒரு தரப்பே இல்லை. அதனால் 'மன்னர் ஒப்பந்தத்தை மீறிவிட்டார்' என்ற குற்றச்சாட்டே ஹாப்ஸில் எழ முடியாது. அதேபோல, அவரைத் தெய்வீக உரிமைக் கோட்பாட்டுக்காரர் என்று எழுதுவதும் தவறு. இறையாண்மை ஒரு அவையிடம் இருந்தாலும் அவருக்குச் சம்மதமே. மன்னராட்சி வசதியானது என்று கருதினார், அவ்வளவுதான்.

அப்புறம் அச்சம். பயந்து கொடுத்த வாக்கு செல்லாது என்று நாம் நினைப்போம். ஹாப்ஸ் செல்லும் என்கிறார். மக்கள் கூடி ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர்களைத் தூண்டுவது ஒருவர் மேல் ஒருவருக்கு இருக்கும் பயம். வென்றவனிடம் பணியும்போது தூண்டுவது அவன் மேலுள்ள பயம். இரண்டிலும் பயம்தான் இருக்கிறது. ஒன்று செல்லும் என்றால் மற்றதும் செல்ல வேண்டும். நான் இந்த வாதத்தை ஏற்கவில்லை. துப்பாக்கி காட்டிக் கையெழுத்து வாங்குபவனும், திருடனுக்குப் பயந்து நாமாகப் போய்த் தேடிக்கொள்ளும் காவலாளியும் ஒன்றல்ல. முதல் பயத்தை உண்டாக்குபவனே அதனால் லாபம் அடைகிறான். ஆனாலும் இந்த இடத்தில் ஹாப்ஸ் சறுக்கிவிட்டார் என்று ஒரு வரியில் தள்ளிவிட முடியாது. இரண்டையும் சமமாக்கினால்தான் 1650-இன் சாதாரண மனிதனுக்கு அவரால் பதில் சொல்ல முடியும்.

அந்தப் பதிலை நூலின் இறுதிப் பகுதியில் தருகிறார். பாதுகாப்பும் கீழ்ப்படிதலும் ஒன்றோடொன்று பிணைந்தவை. பழைய அரசால் உன்னைக் காப்பாற்ற முடியவில்லை, நீ இப்போது புதியவர்களின் காவலுக்குள் வாழ்கிறாய் என்றால் பணிந்துகொள்ளலாம். அது துரோகம் ஆகாது. போர்வீரனுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் கடமை வைக்கிறார். பழைய மன்னரின் படை களத்தில் நின்று அவனுக்குச் சோறு போடும்வரை அவன் மாறக்கூடாது. இன்னொரு விதிவிலக்கும் உண்டு. தன் உயிரைக் காத்துக்கொள்ளும் உரிமையை யாராலும் விட்டுக்கொடுக்க முடியாது. நியாயமாக மரண தண்டனை பெற்ற கைதிகூடத் தன்னைக் கொல்ல வருபவரை எதிர்க்கலாம். உயிருக்காகத்தான் அரசே உண்டானது என்பதால் இது தர்க்கப்படி சரி.

ஆக 1650-இல் ஹாப்ஸைக் கேட்டால், உறுதிமொழியைச் சொல்லிவிட்டு வேலையைப் பார் என்பார்.

இரண்டாவது சம்பவம் 1688-89. இரண்டாம் ஜேம்ஸ் மன்னர், நாடாளுமன்றம் போட்ட சட்டங்களிலிருந்து தனக்கு வேண்டியவர்களுக்கு விலக்குக் கொடுத்து வந்தார். தன் மதச் சலுகை அறிவிப்பைத் தேவாலயங்களில் வாசிக்கச் சொன்னார். அதை எதிர்த்து மனுக் கொடுத்த ஏழு ஆயர்களை 1688-இல் லண்டன் கோபுரச் சிறையில் அடைத்தார். வழக்கில் அவர்கள் விடுதலையானார்கள். அந்த நவம்பரில் ஹாலந்திலிருந்து படையோடு, ஜேம்ஸின் மகள் மேரியின் கணவர் வில்லியம் வந்திறங்கினார். டிசம்பரில் ஜேம்ஸ் பிரான்ஸுக்கு ஓடிவிட்டார். 1689 ஜனவரியில் கூடிய அவையில் பொதுமக்கள் பிரதிநிதிகள் ஒரு தீர்மானம் நிறைவேற்றினார்கள். மன்னருக்கும் மக்களுக்கும் இடையிலான மூல ஒப்பந்தத்தை ஜேம்ஸ் முறித்துவிட்டார், பதவியையும் துறந்துவிட்டார், அரியணை காலியாக இருக்கிறது என்றது அது. பிப்ரவரி 13 அன்று வில்லியமுக்கும் மேரிக்கும் முடி வழங்கப்பட்டது.

ஜான் லாக்கின் 'அரசு பற்றிய இரு ஆய்வுரைகள்' அந்த ஆண்டின் இறுதியில் ஆசிரியர் பெயர் இல்லாமல் வெளிவந்தது. முன்னுரையில், மக்களின் சம்மதத்தின் மேல் வில்லியமின் உரிமையை நிலைநாட்டவே இந்த நூல் என்கிறார். ஆனால் பெரும்பகுதி புரட்சிக்குப் பல ஆண்டுகள் முன்பே எழுதப்பட்டது. அதனால் அதை 1688-க்குப் பின்னால் கட்டிய நியாயம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

லாக்கின் இயற்கை நிலை, அதாவது அரசு வருவதற்கு முந்தைய நிலை, ஹாப்ஸுடையது போல ரத்தக்களரி இல்லை. அங்கேயும் இயற்கைச் சட்டம் உண்டு, உழைப்பால் வந்த சொத்து உண்டு. இல்லாதவை மூன்று: எல்லோருக்கும் தெரிந்த நிலையான சட்டம், பாரபட்சமற்ற நீதிபதி, தீர்ப்பை நிறைவேற்றும் வலு. இந்தக் குறைகளை நிரப்பவே மக்கள் அரசை அமைக்கிறார்கள். இழப்பதற்கு ஏற்கெனவே கையில் கொஞ்சம் இருப்பதால், எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று அவர்களால் பேரம் பேச முடிகிறது. ஹாப்ஸின் மனிதனுக்கு அந்த வசதி இல்லை. இருவருடைய அரசும் வேறு வேறாக அமைவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த ஆரம்ப நிலைதான்.

லாக்கில் அரசு மக்களிடமிருந்து அதிகாரத்தை நம்பிக்கைப் பொறுப்பாக வாங்கிக்கொள்கிறது. சட்டத்தின் இடத்தில் தன் விருப்பத்தை வைத்தால், தேர்தல் முறையைத் திரித்தால், சம்மதம் இல்லாமல் சொத்தை எடுத்தால் அந்தப் பொறுப்பு முறிகிறது. முறிந்தபின் கலகக்காரர் அரசர்தான், மக்கள் அல்ல. சின்னச் சின்னத் தவறுகளுக்கு யாரும் கிளம்பமாட்டார்கள், ஒரே திசையில் தொடர்ந்து வரும் அத்துமீறல்களே மக்களை எழுப்பும் என்றும் சொல்கிறார். அதை யார் தீர்மானிப்பது? மக்களே நீதிபதி என்பது அவர் பதில். போரில் அநியாயமாக வென்றவனுக்கு ஆளும் உரிமை வரவே வராது என்பதும் அவர் கருத்து. ஆகவே வாள்முனையில் வாங்கிய சம்மதம் லாக்கின் கணக்கில் சேராது. ஹாப்ஸுக்கு நேர் எதிர்.

சரி, லாக்கின் சிக்கல் எங்கே? பெரும்பாலான மனிதர்கள் எந்த அரசுக்கும் எப்போதும் சம்மதம் சொன்னதில்லை. இதை அடைக்க மறைமுகச் சம்மதம் என்ற ஒன்றைக் கொண்டுவருகிறார். ஒரு நாட்டில் நிலம் வைத்திருந்தாலும், ஒரு வாரம் வாடகைக்குத் தங்கினாலும், அதன் நெடுஞ்சாலையில் சும்மா நடந்து போனாலும் அங்கிருக்கும்வரை அதன் சட்டங்களுக்குச் சம்மதித்ததாக அர்த்தம். ஆனால் அந்தச் சம்மதத்தால் ஒருவர் அச்சமூகத்தின் முழு உறுப்பினர் ஆகிவிடமாட்டார், அதற்கு வெளிப்படையான வாக்குறுதி வேண்டும் என்று அவரே தொடர்கிறார். இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஓட்டை தெரியும். இந்தியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, இயல்புரிமை பெற்றுக் குடிமகனாகும் வெளிநாட்டவர் அரசமைப்புக்கு விசுவாசமாக இருப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும். இங்கே பிறந்து வளர்ந்தவர் அதை எடுப்பதில்லை. லாக்கை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினால் வந்தவர் முழு உறுப்பினர், பிறந்தவர் வழிப்போக்கர் என்று ஆகிவிடும். லாக் இதை நினைத்திருக்கமாட்டார். ஆனால் அவர் வாதம் அங்கேதான் கொண்டுபோய் விடுகிறது.

டேவிட் ஹியூம் 1748-இல் வெளியிட்ட 'மூல ஒப்பந்தம் பற்றி' என்ற கட்டுரையில் குறிவைத்தது இந்த ஓட்டையைத்தான். ஏழைத் தொழிலாளி ஒருவனுக்கு அயல்மொழி தெரியாது, அன்றாடக் கூலியில் பிழைக்கிறான். நாட்டை விட்டுப் போக அவனுக்குச் சுதந்திரம் இருக்கிறது, போகாததால் சம்மதித்தான் என்று எப்படிச் சொல்வது? தூங்கும்போது கப்பலில் தூக்கிப் போடப்பட்ட ஒருவன், கடலில் குதித்துச் சாகாமல் கப்பலிலேயே இருப்பதால் கப்பல் தலைவனின் ஆட்சிக்குச் சம்மதித்துவிட்டான் என்பதும் இதுவும் ஒன்று என்கிறார். 1688-ஐயும் விடவில்லை. கிட்டத்தட்ட ஒரு கோடிப் பேரின் ஆட்சியை மாற்றியது எழுநூறு பேரின் பெரும்பான்மைதான், அந்தக் கோடிப் பேரிடம் யாரும் கேட்கவில்லை என்கிறார்.

இது வரலாற்று வாதம். இதைவிட ஆழமான ஒன்று அதே கட்டுரையில் இருக்கிறது. மாணவர்கள் பெரும்பாலும் அதைத் தவறவிடுகிறார்கள். அரசுக்கு ஏன் கீழ்ப்படிய வேண்டும் என்றால், வாக்குக் கொடுத்தோம் என்கிறது ஒப்பந்தக் கோட்பாடு. வாக்கை ஏன் காப்பாற்ற வேண்டும்? வாக்குகள் காப்பாற்றப்படாவிட்டால் சமூகம் நடக்காது என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. ஆனால் கீழ்ப்படிதல் இல்லாவிட்டாலும் சமூகம் நடக்காதே! இரண்டு கடமைகளும் ஒரே வேரிலிருந்து நேராக வருகின்றன. ஒன்றை இன்னொன்றின் மேல் ஏற்றி வைப்பதால் எதுவும் புதிதாக விளங்குவதில்லை. நடக்காத ஒப்பந்தம் நடந்ததாகக் காட்டினாலும் லாக்குக்கு லாபம் இல்லை என்பதுதான் இதன் அடி.

ஹியூமிடம் இரண்டு கேள்விகள் பிரிந்து நிற்பதைக் கவனியுங்கள். கீழ்ப்படிவது ஏன் சரி என்பதற்கு அவர் பதில் பொது நன்மை. மக்கள் உண்மையில் ஏன் கீழ்ப்படிகிறார்கள் என்பதற்கு அவர் பதில் வேறு. 1741-இல் வந்த கட்டுரை ஒன்றில், பலரைச் சிலர் இவ்வளவு எளிதாக ஆள்வது வியப்பாக இருக்கிறது என்று தொடங்குகிறார். வலிமை எப்போதும் ஆளப்படுபவர் பக்கம்தான். சர்வாதிகாரிகூடத் தன் குடிமக்களை மாடுகள் போல ஓட்டலாம், ஆனால் தன் மெய்க்காவல் படையை அப்படி ஓட்ட முடியாது. அவர்களுக்கு அவன்மேல் ஒரு எண்ணம் இருந்தாக வேண்டும். ஆக எல்லா ஆட்சியும் மக்கள் மனத்தில் இருக்கும் எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது. அந்த எண்ணம் பெரும்பாலும் காலத்தால் வருகிறது. வன்முறையில் தொடங்கிய ஆட்சியும் தலைமுறைகள் கடந்தபின் உரிமையுள்ள ஆட்சியாகத் தெரியத் தொடங்கும்.

லாக்கும் ஹாப்ஸும் 'ஏன் கீழ்ப்படிய வேண்டும்' என்பதை முதன்மையாக எடுத்துக்கொண்டு, 'ஏன் கீழ்ப்படிகிறார்கள்' என்பதற்கும் அதையே பதிலாக வைத்துவிடுகிறார்கள். மூவரும் ஒன்று போலத் தெரிவதற்கு இந்த இரண்டு கேள்விகளையும் நீங்கள் கலந்து வாசிப்பதே காரணமாக இருக்கும். விடைத்தாளில் முதல் பத்தியிலேயே இவற்றைப் பிரித்துவிடுங்கள்.

ஹியூம் சம்மதத்தை இகழ்ந்தார் என்றும் எழுதாதீர்கள். சம்மதம் உண்மையில் கிடைக்கும் இடத்தில் அதுவே ஆட்சிக்குச் சிறந்த அடித்தளம், ஆனால் அது கிடைத்தது மிக அரிது என்பதே அவர் சொன்னது. எல்லை மீறிய கொடுங்கோன்மையை எதிர்க்கலாம் என்பதையும் அவர் மறுக்கவில்லை.

இப்போது மூவரையும் ஒரே இடத்தில் நிறுத்துவோம். 1689-இல் வில்லியமுக்கும் மேரிக்கும் ஒரு புதிய விசுவாச உறுதிமொழி வரையப்பட்டது. பழைய வாசகத்தில் மன்னரை 'உரிமையும் சட்டமும் உள்ள' அரசர் என்று ஏற்கும் சொற்கள் இருந்தன. புதியதில் அவற்றை எடுத்துவிட்டார்கள். உண்மையாக இருப்பேன் என்றால் போதும், உரிமையுள்ளவர் என்று ஒப்புக்கொள்ள வேண்டாம். ஜேம்ஸ்தான் உரிமையுள்ள மன்னர் என்று நினைப்பவரும் இதைச் சொல்லிவிட்டுப் போக வழி திறந்தது.

அப்படியும் கேன்டர்பரி பேராயர் வில்லியம் சான்கிராஃப்டும், இன்னும் சில ஆயர்களும், ஏறக்குறைய 400 குருமார்களும் மறுத்துப் பதவியை இழந்தார்கள். இதில் என்னை எப்போதும் யோசிக்க வைப்பது, ஜேம்ஸ் சிறையில் அடைத்த ஏழு ஆயர்களில் ஐந்து பேர் இந்த மறுப்பாளர்களில் இருந்ததுதான். சான்கிராஃப்டும் அவர்களில் ஒருவர். தங்களைச் சிறையில் போட்ட மன்னருக்குக் கொடுத்த சத்தியத்துக்காகப் பதவியை விட்டார்கள்.

ஹாப்ஸ் இவர்களிடம் என்ன சொல்வார்? ஜேம்ஸ் பிரான்ஸில் இருக்கிறார், உங்களைக் காப்பாற்ற முடியாது, கடமை முடிந்தது. லாக் சொல்வது: அவர் ஓடுவதற்கு முன்பே, சட்டத்தை ஒதுக்கியபோதே, நீங்கள் கொடுத்த வாக்கிலிருந்து விடுபட்டுவிட்டீர்கள். இரண்டும் நல்ல வாதங்கள். ஆனால் அந்த மனிதர்கள் ஏன் மறுத்தார்கள் என்பதை இரண்டுமே விளக்கவில்லை. ஹாப்ஸின் கணக்கில் இவர்கள் செய்தது லாபமே இல்லாத காரியம். லாக்கின் கணக்கில் இவர்கள் முறிந்த பொறுப்பைப் பிடித்துத் தொங்குபவர்கள். ஹியூமின் வழியில் பார்த்தால் விளங்குகிறது. உரிமை யாரிடம் என்ற எண்ணம், கோபத்தாலோ ஒரு தீர்மானத்தாலோ ஒரே நாளில் இடம் மாறுவதில்லை.

1650-க்கும் இதைப் போட்டுப் பாருங்கள். குடியரசிடம் ஐரோப்பாவே மதித்த ராணுவம் இருந்தது. அது நாட்டுக்குள் அமைதியையும் கொடுத்தது. ஹாப்ஸின்படி இது போதும். ஆனாலும் 1660 மே மாதம், தலை வெட்டப்பட்ட மன்னரின் மகன் இரண்டாம் சார்லஸ் போரே இல்லாமல் லண்டனுக்குள் வந்து அரியணை ஏறினார். வாள் இருந்தது, உரிமை என்ற எண்ணம் அதற்குச் சேரவே இல்லை. 1689-இன் ஆட்சியோ உரிமைச் சொற்களைக் கேட்காமலே தொடங்கி, காலப்போக்கில் அந்த எண்ணத்தைச் சம்பாதித்துக்கொண்டது.

அதனால் மக்கள் ஏன் ஏற்கிறார்கள் என்று மட்டும் கேட்டால் என் ஓட்டு ஹியூமுக்கே. ஆனால் 'ஏன் ஏற்க வேண்டும்' என்ற கேள்வியோடு வருபவருக்கு அவரிடம் கிடைப்பது குறைவு. 1650-இல் உறுதிமொழித் தாளுக்கு முன்னால் நிற்கும் கடைக்காரனை நினைத்துக்கொள்ளுங்கள். காலம் இந்த ஆட்சிக்கு உரிமை தருமா தராதா என்பது அவனுக்குத் தெரியாது; பத்து வருடம் கழித்துத்தான் தெரியும். பொது நன்மை எந்தப் பக்கம் என்பதிலும் அவன் ஊரே இரண்டாகப் பிரிந்திருக்கிறது. சொல் என்று ஹாப்ஸ் சொல்லிவிடுவார், இது உன்னைக் கட்டாது என்று லாக் சொல்லிவிடுவார். அன்றே முடிவெடுக்க வேண்டிய அவனுக்கு ஹியூமிடம் நேரான பதில் இல்லை. ஒப்பீட்டில் ஹியூமுக்கு மதிப்பெண் கூட்டிப் போடும்போது இந்தக் குறையையும் எழுதுங்கள்.

இன்னொரு ஒப்பந்தச் சிந்தனையாளரான ரூசோவை ஏன் சேர்க்கவில்லை என்று தேர்வாளர் கேட்டால் தயங்க வேண்டாம். மனிதன் எந்த நிபந்தனையில் கீழ்ப்படிந்தும் சுதந்திரமாக இருக்க முடியும் என்பதே ரூசோவின் கேள்வி. இருக்கும் அரசை மக்கள் ஏன் ஏற்கிறார்கள் என்ற இந்தக் கேள்விக்குள் அவரை இழுத்தால் இரண்டுமே கெடும்.